ஒரு பூனை, நாலு ரூம்மேட்: வேலையும் செலவும் பிரிக்கும் மெசேஜை எப்படி எழுதுவது

வாடகை வீட்டில் நாலு பேர் சேர்ந்து இருக்கும்போது ஒருவர் பூனை கொண்டுவந்தால், முதல் வாரம் எல்லோரும் "நாமளே பார்த்துக்கலாம்" என்பார்கள். மூன்றாவது வாரத்தில் ஒரே நாளில் இரண்டு பேர் சாப்பாடு வைத்திருப்பார்கள், பூனை மலம், சிறுநீர் கழிக்கும் மண் தட்டை, அதாவது லிட்டர் ட்ரேயை, யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். யாருடைய சோம்பலும் இதற்குக் காரணம் இல்லை. எந்த வேலை எத்தனை மணிக்கு யாருடையது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். அதை ஒரே வாட்ஸ்அப் மெசேஜில் எழுதி முடிப்பது எப்படி என்று இங்கே பார்க்கலாம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஃபிளாட். பூனையின் சொந்தக்காரர் பகல் வேலைக்குப் போகிறவர். கூட இருப்பவர்களில் மூத்தவர் நைட் ஷிப்ட் முடித்துக் காலை ஏழரைக்கு வீடு திரும்புவார். இன்னொருவர் கடையில் வேலை பார்க்கிறார், தூசி பட்டால் அவருக்கு வீசிங் வரும். நாலாவது ஆள் கருப்பூர் பக்கம் படிக்கும் மாணவர். பூனைக்கு மூன்று வயது, நாலு கிலோ எடை, கருத்தடை செய்த ஆண், வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

எழுதும் முன்பு

மூன்று விஷயங்கள் தெரியாமல் மெசேஜ் எழுத உட்காராதீர்கள். முதலாவது, பூனை யாருடையது? "நம்ம வீட்டுப் பூனை" என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வீடு காலி செய்யும் நாளில் பூனை யாரோடு போகிறதோ அவர்தான் சொந்தக்காரர், அவருடைய பங்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். இரண்டாவது, மற்றவர்கள் பூனைக்கு உண்மையிலேயே சம்மதித்தார்களா? வேண்டாம் என்று சொன்னவரிடம் பணம் கேட்பது நியாயம் இல்லை. அவரை வேலையிலிருந்தும் செலவிலிருந்தும் விட்டுவிட்டு, மீதி ஆட்களுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, யாருக்கு எது முடியாது? ஆஸ்துமா, வீசிங் உள்ளவருக்கு லிட்டர் வேலை வேண்டாம், மண்ணைக் கிளறும்போது எழும் தூசியே போதும் அவருக்கு மூச்சு முட்ட. வீட்டில் கர்ப்பமாக இருப்பவர் இருந்தாலும் ட்ரேயைத் தொடக் கூடாது. பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா கிருமி இருக்கலாம், அது கருவைப் பாதிக்கும். வெளியே வந்த மலத்தில் அந்தக் கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். தினமும் அள்ளிப் போட வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டு ஓனருக்குப் பூனை விஷயம் தெரியுமா என்பதையும் இப்போதே முடித்துவிடுங்கள். கதவு, கொசுவலை கிழிந்தால் அதன் செலவு பூனைச் சொந்தக்காரருடையது.

சாப்பாடு: ஒரு டப்பா போதும்

நாலு கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த, வீட்டோடு இருக்கும் பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 கலோரி போதும். உலர் தீவனத்தில் அது 55 கிராம் அளவுக்கு வரும். பாக்கெட்டின் பின்பக்கம் எடைவாரியாக அட்டவணை இருக்கும், பிராண்டுக்குப் பிராண்டு கொஞ்சம் மாறும். அதைப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கள்.

இரண்டு பேர் மாறி மாறி வைக்கும் வீட்டில் வரும் குழப்பம் எப்போதும் ஒன்றுதான்: வைத்தாச்சா, இல்லையா? பூனை எப்போதும் சாப்பிடாத மாதிரியேதான் வந்து காலைச் சுற்றும், அதை நம்ப முடியாது. மெசேஜ் போட்டுக் கேட்கலாம் என்றால் நைட் ஷிப்ட் ஆள் தூங்கிக்கொண்டிருப்பார். இதற்கு நல்ல வழி, மூடி போட்ட ஒரு சின்ன டப்பா. காலையில் வைக்கும் ஆள் அன்றைய 55 கிராமையும் அளந்து டப்பாவில் போட்டு, அதிலிருந்து பாதியைக் கிண்ணத்தில் வைப்பார். சாயங்கால ஆள் மீதியைக் கொட்டுவார். டப்பா காலி என்றால் பூனை சாப்பிட்டாயிற்று. மறுநாள் காலையில் டப்பாவில் தீவனம் மிச்சம் இருந்தால், முந்தின நாள் சாயங்காலம் யாரும் வைக்கவில்லை. யாரிடமும் கேட்கத் தேவையே இல்லை. பெரிய மூட்டையைத் திறக்கும் உரிமை காலை ஆளுக்கு மட்டும்.

அளக்க கிச்சன் தராசு ஒரே ஒரு நாள் கிடைத்தால் போதும். 55 கிராமை ஒரு பழைய டம்ளரில் கொட்டி, மட்டம் வரும் இடத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். பிராண்டு மாறினால் மட்டும் மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

ஒழுங்காகப் போகிறதா என்பதை மூட்டையே சொல்லிவிடும். 55 கிராம் கணக்குப்படி 3 கிலோ மூட்டை 54 நாள் வர வேண்டும். 40 நாளில் தீர்ந்தால் தினமும் 75 கிராம் போகிறது என்று அர்த்தம், அதாவது தினமும் 20 கிராம் கூடுதல். மனிதக் கணக்கில் சின்னதாகத் தெரியும், பூனையின் கணக்கில் அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். சில மாதத்தில் வயிறு தொங்கிவிடும். அப்போது சண்டை போடாமல், "மூட்டை சீக்கிரம் தீர்ந்துச்சு, யாராவது எக்ஸ்ட்ரா வைக்கிறீங்களா?" என்று கேட்டால் போதும்.

பாத்திரத்திலிருந்து எடுத்துக் கொடுப்பதைப் பற்றி மெசேஜில் ஒரு வரி கட்டாயம் வேண்டும். பால் பெரும்பாலான பூனைகளுக்கு வயிற்றுப்போக்கு கொடுக்கும். மீன் குழம்பு இன்னும் மோசம். அதில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், துண்டைக் கழுவிக் கொடுத்தாலும் குழம்பு உள்ளே ஊறித்தான் இருக்கும். ஆசையாக இருந்தால் உப்பு, மசாலா போடும் முன்பே ஒரு துண்டு கோழியையோ மீனையோ வேகவைத்து, முள் எலும்பு எடுத்துக் கொடுங்கள்.

எறும்புத் தொல்லைக்குக் கிண்ணத்தைத் தண்ணீர் ஊற்றிய ஒரு அகலத் தட்டில் வைப்பதே போதும். எறும்புச் சாக்பீஸால் கோடு போட வேண்டாம். அதில் இருக்கும் மருந்தைப் பூனை மிதித்துவிட்டுப் பாதத்தை நக்கும், அந்த வகை மருந்தை உடலுக்குள் முறிக்கும் திறன் பூனைக்குக் குறைவு. ஏப்ரல், மே மாதச் சேலத்து வெயிலில் ஈரத் தீவனத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே விட்டு வைக்காதீர்கள்.

லிட்டர்: அள்ளுபவர்தான் முதலில் நோயைப் பார்ப்பவர்

ட்ரே இரண்டு வையுங்கள், இரண்டும் ஒரே மூலையில் வேண்டாம். ஈரம் பட்டால் கட்டியாகும் பென்டோனைட் மண்ணை 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்புங்கள். 40க்கு 30 சென்டிமீட்டர் ட்ரே என்றால் ஒன்றுக்கு ஏறக்குறைய 5 கிலோ பிடிக்கும். உயரம் குறைந்தால் சிறுநீர் அடித்தட்டில் ஒட்டிக்கொண்டு நாற்றம் அங்கேயே தங்கும். காலையும் இரவும் ஒரு முறை அள்ளி, எவ்வளவு மண் குறைந்ததோ அவ்வளவு சேர்த்து, மாதம் ஒரு முறை முழுவதும் கொட்டிக் கழுவுங்கள். கார்ப்பரேஷன் தண்ணீர் தினமும் வராத தெருவாக இருந்தால், கழுவும் வேலையைத் தண்ணீர் விடும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். சோப்புத்தூளும் சுடுதண்ணீரும் போதும், பிறகு வெயிலில் காயவிடுங்கள். பினாயில் வேண்டாம். அந்த வகை மருந்து பூனைக்கு விஷம், தவிர அந்த வாசனைக்கே பூனை ட்ரேயை விட்டுவிட்டு மெத்தைக்குப் போய்விடும்.

அள்ளியதைக் கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள், மட்கும் குப்பையோடு கலக்காதீர்கள். டாய்லெட்டில் கொட்டவே கூடாது. சிறுநீர் பட்டதும் கட்டியாகும் அதே மண் குழாயிலும் கட்டியாகும், அதை எடுக்கப் பிளம்பர்தான் வர வேண்டும்.

இந்தப் பகுதியில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது வேறொன்று. லிட்டர் வேலையைச் சுத்தம் செய்யும் வேலை என்று மட்டும் எண்ணிப் பிரித்தால் பாதிப் பயன் போய்விடும். ஒரு ஆரோக்கியமான பூனை 24 மணி நேரத்தில் இரண்டு முதல் நாலு சிறுநீர்க் கட்டி, ஒரு முறை மலம் என்று இருக்கும். அள்ளும் ஆள் எண்ணி, சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் அன்றைய கட்டத்தில் "சி 2, ம 1" என்று எழுத வேண்டும். பேனாவைக் காலண்டர் ஆணியிலேயே நூலில் கட்டிவிடுங்கள், பேனா தேடும் வீட்டில் யாரும் எழுத மாட்டார்கள். காலையில் ஒருவர், இரவில் ஒருவர் அள்ளினால் யாருக்கும் முழு நாள் தெரியாது. அந்தக் கட்டத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

கட்டிகள் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனால் பூனை அதிகம் தண்ணீர் குடிக்கிறது என்று அர்த்தம். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருக்கலாம், அந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். கோலிக்குண்டு அளவில் சின்னச் சின்னதாக ஏழெட்டு இருந்தால் சிறுநீர்ப்பை எரிச்சல், மறுநாளே காட்டுங்கள். ஆண் பூனை ட்ரேயில் உட்கார்ந்து முக்கி, ஒன்றும் வராமல் எழுந்து, மறுபடி போய் உட்கார்ந்தால் அது அவசரம், இரவு எத்தனை மணியானாலும் கிளம்ப வேண்டும். ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது, படிகங்களோ சளி மாதிரியான அடைப்போ அதை மூடிவிடும். வெளியேற முடியாத பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி இதயத்தைத் தாக்கும், ஓரிரு நாளில் உயிர் போய்விடும். பலர் இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருக்கிறார்கள். காலண்டரில் இரண்டு வேளையாகச் சிறுநீர்க் கணக்கு பூஜ்யம் என்று இருந்தால் அந்தத் தவறு நடக்காது.

செலவு: இரண்டு கணக்கு

மாதச் செலவையும் வைத்தியச் செலவையும் ஒரே கணக்கில் போடாதீர்கள். தீவனமும் மண்ணும் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும். வைத்தியம் அப்படி இல்லை, அதற்குப் பணம் முன்பே சேர்ந்திருக்க வேண்டும்.

நம் எடுத்துக்காட்டு வீட்டில் தீவனம் கிலோ 500 ரூபாய், மண் கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் கடை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்). மாதத்துக்கு 1,650 கிராம் தீவனம் 825 ரூபாய். கழுவி நிரப்ப 10 கிலோ, இடையில் சேர்க்க 5 கிலோ, ஆக 15 கிலோ மண் 750 ரூபாய். மொத்தம் 1,575. ஆளுக்கு 600 வீதம் 2,400 போட்டால் மாதம் 825 ரூபாய் வைத்திய நிதிக்கு நிற்கும். ஒருவர் விலகினால் மூன்று பேருக்கு ஆளுக்கு 800.

வருடாந்திரத் தடுப்பூசியும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை குடற்புழு மருந்தும் சொந்தக்காரர் செலவு. தேதி முன்பே தெரிந்த செலவு அது, மற்றவர்கள் தலையில் ஏற்ற வேண்டாம். எதிர்பாராத நோய்க்குத்தான் நிதி. நிதி போதாவிட்டால் மீதியில் பாதி சொந்தக்காரர், மறு பாதி மற்ற மூவர். நாலு மாதம் கழித்துச் சிறுநீர் அடைப்பு வந்து பில் 9,000 ஆனதாக வைத்துக்கொள்ளுங்கள். நிதியில் 3,300 இருக்கும், மீதி 5,700. சொந்தக்காரர் 2,850, மற்றவர்கள் ஆளுக்கு 950. அதற்குப் பிறகு டாக்டர் ஆயுள் முழுக்கத் தனித் தீவனம் சொன்னால், அந்தக் கூடுதல் விலை சொந்தக்காரருடையது.

யாருடைய தப்பால் நோய் வந்ததோ அவரே முழுப் பணமும் கட்டட்டும் என்று சில வீடுகளில் விதி வைக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். பூனைக்குக் காய்ச்சல் என்று பாவப்பட்டு ஒருவர் பாராசிட்டமால் துண்டு கொடுத்திருப்பார், அல்லது நாய்க்கான உண்ணி மருந்தைத் தடவியிருப்பார். இரண்டுமே பூனையைக் கொல்லக்கூடியவை. பில் தன் தலையில் விழும் என்று பயந்தால் அவர் வாயைத் திறக்க மாட்டார், என்ன உள்ளே போனது என்று தெரியாமல் டாக்டரால் சரியான மருந்தைக் கொடுக்க முடியாது. சொன்னால் பணம் கேட்க மாட்டோம் என்று எழுதியே வையுங்கள்.

அவசரத்தில் பணம் செலவு செய்யும் அதிகாரம் யாருக்கு என்பதும் இப்போதே முடிவாக வேண்டும். பூனையோடு இருப்பவர் யாரையும் கேட்காமல் 5,000 ரூபாய் வரை செலவு செய்யலாம், அதற்கு மேல் சொந்தக்காரரைக் கூப்பிட வேண்டும், அரை மணி நேரம் எடுக்காவிட்டால் டாக்டர் சொன்னபடி செய்யலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறும் இரவும் திறந்திருக்கும் கிளினிக் எது என்று இன்றே போன் செய்து கேட்டு நம்பரை மெசேஜில் போடுங்கள். உள்ளூரில் முடியாத சிகிச்சைக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சேலத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல் பயணம். எந்த நேரத்தில் பார்ப்பார்கள் என்று முன்பே கேட்டு வையுங்கள். ஏற்காட்டில் வீடு எடுத்துத் தங்கியிருப்பவர்கள் இன்னும் முன்னதாக யோசிக்க வேண்டும். மலைப்பாதையில் இறங்கித்தான் சேலம் வர முடியும். சாயங்காலம் சந்தேகம் வந்தால் காலைவரை பார்ப்போம் என்று இருக்காமல், இருட்டும் முன்பே கூடையில் துண்டு விரித்து இறங்கிவிடுங்கள்.

மெசேஜ்

வாய்ஸ் நோட்டாக அனுப்பாதீர்கள், பிறகு தேடி எடுக்க முடியாது. தயங்குகிற ஆள் யாரோ அவரிடம் நேரில் பேசிவிட்டு, அப்புறம் குரூப்பில் போடுங்கள். நம் வீட்டுக்கு அது இப்படி இருக்கும்:

> எல்லோருக்கும் வணக்கம்ங்க. கருப்பன் விஷயமா ஒரு முடிவு எழுதிப் போடறேன். படிச்சுட்டு மாத்த வேண்டியதைச் சொல்லுங்க.
>
> கருப்பன் என் பூனை. வீடு மாறுனா என்கூட வருவான்.
>
> காலை 7.30 சாப்பாடு: அண்ணா, நீங்க ஷிப்ட் முடிச்சு வந்ததும். டம்ளர்ல டேப் வரைக்கும் அளந்து டப்பால போட்டு, பாதியை வெச்சா போதும்ங்க.
> சாயங்காலம் 7.30 சாப்பாடு: மாப்ள, நீ. டப்பால மீதி இருக்கறதைக் கொட்டு. தண்ணிக் கிண்ணம் கழுவறது, தீவனம் மண்ணு வாங்கறதும் உன்னோடது. ட்ரே பக்கம் நீ வர வேண்டாம்.
> காலை 7 மணி லிட்டர், திங்கள் முதல் வெள்ளி: தம்பி, காலேஜ் கிளம்பறதுக்கு முன்னாடி. எண்ணி காலண்டர்ல எழுதிடு.
> ராத்திரி 9 மணி லிட்டர் தினமும், சனி ஞாயிறு காலையும், மாசக் கழுவலும், டாக்டர்கிட்ட கூட்டிப் போறதும் நான்.
>
> முடியாத நாள்ல குரூப்ல கேளுங்க. "நான் பாக்கறேன்"னு ஒருத்தர் பதில் போடற வரைக்கும் அந்த வேலை உங்களோடதுதான்.
>
> ஆளுக்கு மாசம் 600, 5ஆம் தேதிக்குள்ள. தீவனம், மண்ணு போக மீதி வைத்திய நிதி. தடுப்பூசி, பூச்சி மருந்து என் செலவு. நிதி பத்தலைன்னா மீதியில பாதி நான், பாதி நீங்க மூணு பேரும். கணக்கு மாசக் கடைசியில பில் போட்டோவோட போடுவேன். நடுவுல வீடு மாறறவங்களுக்கு நிதி திரும்பக் கிடையாது. நான் மாறுனா இருக்கற நிதியை நாலாப் பிரிச்சுக் கொடுத்துடறேன்.
>
> பால், குழம்பு, மனுஷ மாத்திரை, நாய் மருந்து, எறும்புச் சாக்பீஸ், பினாயில் வேண்டாம். தெரியாம ஏதாச்சும் ஆயிட்டா உடனே சொல்லுங்க. அதுக்குப் பணம் கேக்க மாட்டேன்.
>
> ஒன்னுக்குப் போக முக்கறான், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடல, மூச்சு வாங்கறான்: இதுல எது நடந்தாலும் எனக்குக் காத்திருக்காம ஆட்டோ பிடிச்சுக் கிளம்புங்க. 5,000 வரை கேக்க வேண்டாம். அதுக்கு மேலன்னா கூப்பிடுங்க, அரை மணி நேரம் நான் எடுக்கலைன்னா டாக்டர் சொல்றபடி செய்யுங்க. கிளினிக் நம்பர் கீழ. கூடை ஷூ ஸ்டாண்டு மேல.
>
> நாலு வாரம் பாத்துட்டு மறுபடி பேசலாம்ங்க.

அனுப்பிய பிறகு

கட்டைவிரல் படத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரவர் வேலையையும் நேரத்தையும் அவரவரே ஒரு வரி எழுதிப் போடச் சொல்லுங்கள். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு மெசேஜைக் குரூப்பில் மேலேயே நிற்கும்படி பின் செய்யுங்கள்.

நாலு வாரம் கழித்துப் பேசும்போது காலண்டரைக் கையில் எடுங்கள். வெற்றுக் கட்டங்கள் எந்தக் கிழமையில் குவிந்திருக்கின்றன என்று பாருங்கள். திங்கள் காலைகள் மட்டும் காலி என்றால் தம்பி ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்த் திங்கள் நேராகக் காலேஜுக்குப் போகிறார் என்று அர்த்தம். திங்களை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டு அவருக்கு வேறு வேலை கொடுங்கள், கண்டிக்க ஒன்றும் இல்லை.

பண்டிகைதான் எல்லா ஒழுங்கையும் உடைக்கும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாலு பேரும் ஒரே நாளில் ஊருக்குக் கிளம்புவார்கள். பூனையை 24 மணி நேரத்துக்கு மேல் தனியாக விடக் கூடாது. கிண்ணம் நிறையக் கொட்டிவிட்டுப் போனால் முதல் நாளே தின்று முடிக்கும், சிறுநீர் அடைத்தால் பார்க்க ஆள் இருக்காது. பஸ் டிக்கெட் போடும் முன்பே யார் கடைசியாகக் கிளம்புவது, யார் முதலில் திரும்புவது, நடுவில் தினமும் வந்து அள்ளி எண்ணுவது யார் என்று கேட்டு முடிவு செய்யுங்கள். வெளியாளை வைத்தால் அந்தச் சம்பளம் சொந்தக்காரர் செலவு. தீபாவளி இரவிலும், ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் வெடியும் ஒலிபெருக்கியும் நெருங்கும் தெருக்களிலும் பூனை கட்டிலுக்கு அடியில் ஒளிந்து சாப்பிடாமல் இருக்கும். அந்த இரவு வீட்டில் இருப்பவர் ஒரு ட்ரேயையும் தண்ணீரையும் அந்த அறைக்குள்ளேயே வைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டு, மறுநாள் காலை டப்பாவையும் காலண்டரையும் பார்க்க வேண்டும்.